டேப் பிரிந்த பார்சல் வாசலுக்கு வந்தால்: ஓடிபி சொல்வதற்கு முன் பார்க்க வேண்டியவை

கதவைத் திறக்கிறீர்கள். நீங்கள் காத்திருந்த பார்சல்தான். ஆனால் பெட்டியின் ஒரு ஓரத்தில் டேப் கிழிந்து தொங்குகிறது. அல்லது பழைய டேப்பின் மேல் வேறு நிறத்தில் புதிதாக ஒரு டேப் ஓடுகிறது. கொண்டு வந்தவர் போனைப் பார்த்தபடியே "ஓடிபி சொல்லுங்க" என்கிறார். அவருக்கு அன்றைக்கு இன்னும் எத்தனையோ வீடுகள் பாக்கி. நமக்கும் அவரை நிற்க வைக்கச் சங்கடம். எண்ணைச் சொல்லிவிடுகிறோம். பெட்டியை உள்ளே கொண்டுபோய்த் திறந்த பிறகுதான் வயிற்றைக் கலக்குகிறது.

நான் சில வருடங்கள் ஒரு கிடங்கில் பொதி கட்டும் பிரிவில் வேலை பார்த்தேன். வெளியே போகிற பெட்டிகளையும் கட்டினேன், சேதமாகித் திரும்பி வந்தவற்றைப் பிரித்துப் பார்த்துக் குறிப்பு எழுதுவதும் என் வேலையாக இருந்தது. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: டேப் கிழிந்த பெட்டி எல்லாம் திருடப்பட்ட பெட்டி அல்ல. டேப் ஒழுங்காக இருக்கிற பெட்டி எல்லாம் பத்திரமான பெட்டியும் அல்ல. நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான். இந்தப் பெட்டி திறக்கப்பட்டிருந்தால், அது அனுப்பியவர் கையை விட்டுப் போவதற்கு முன்பா, பின்பா? அதற்கான விடை பெரும்பாலும் பெட்டியின் மேலேயே ஒட்டியிருக்கும். இரண்டு நிமிடம் போதும்.

முதலில், எதையும் கொடுக்காதீர்கள்

ஓடிபி, கையெழுத்து, பொருள் வந்ததும் கொடுக்க வேண்டிய பணம் ஆகிய மூன்றும் பெட்டியைப் பார்த்த பிறகுதான். காரணம் எளிது. நீங்கள் ஓடிபி சொன்னதும் கூரியர் பதிவில் "ஒப்படைக்கப்பட்டது" என்று விழுந்துவிடும். அதற்குப் பிறகு பெட்டி உடைந்து வந்தது என்று சொல்வது உங்கள் வாய்ச்சொல்லாக மட்டுமே நிற்கும். விமானத்தில் நாடு விட்டு நாடு வரும் சரக்குகளுக்கான 1999-ஆம் ஆண்டு மாண்ட்ரியல் உடன்படிக்கையிலேயே இது எழுதப்பட்டிருக்கிறது: குறை எதுவும் சொல்லாமல் வாங்கிக்கொண்டால், சரக்கு நல்ல நிலையில் வந்து சேர்ந்ததற்கு அதுவே முதற்கட்டச் சான்று. பிறகு மறுக்க முடியாது என்பதில்லை. ஆனால் நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் ஏறிவிடும். உள்ளூர்க் கூரியர்கள் பலவும் இதே போக்கில்தான் பார்க்கின்றன.

கொண்டு வந்தவரிடம் கோபமாகப் பேச வேண்டியதில்லை. "தம்பி, டேப் பிரிஞ்சிருக்கு. ரெண்டு நிமிஷம் பார்த்துட்டுச் சொல்றேன்" என்றால் போதும். பெட்டி அவர் கையில் அப்படி வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். அவரைக் குற்றவாளிபோல் பேசினால், அவரும் அவசரப்படுத்திக்கொண்டு கிளம்பத்தான் பார்ப்பார். அவர் நிற்கும்போதே பெட்டியின் ஆறு பக்கங்களையும் போனில் படம் எடுத்துவிடுங்கள். லேபிளில் உள்ள டிராக்கிங் எண் ஒரு படத்திலாவது தெளிவாக வாசிக்கும்படி இருக்கட்டும். பிரிந்த இடத்தைக் கிட்டத்தில் ஒரு படம், அந்த இடமும் லேபிளும் ஒன்றாகத் தெரியும்படி தள்ளி நின்று ஒரு படம். கிட்டப் படம் மட்டும் இருந்தால் அது எந்தப் பெட்டி என்று கேட்பார்கள்.

எது மேலே, எது கீழே

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்கப் போகிறீர்கள் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். பொதி கட்டும் இடத்தில் வேலை எப்போதும் ஒரே வரிசையில்தான் நடக்கும். பொருளை வைப்போம், பெட்டியை மூடுவோம், டேப் ஒட்டுவோம், கடைசியாக முகவரி லேபிள். லேபிள் டேப்பின் மேல் உட்கார்ந்திருந்தால் அந்த டேப் லேபிளுக்கு முன்பே ஒட்டப்பட்டது. லேபிளின் ஓரத்தை மூடிக்கொண்டு டேப் போயிருந்தால், அந்த டேப் பின்னால் வந்தது.

லேபிளோடு இது முடிவதில்லை. பெட்டி போகிற வழியில் ஒவ்வொரு மையத்திலும் பிரித்து அனுப்புவதற்காகச் சின்னச் சின்ன ஸ்டிக்கர்கள் ஒட்டுவார்கள். ஊர்க் குறியீடு, பை எண் என்று ஏதாவது இருக்கும். ஒரு டேப் அந்த ஸ்டிக்கரையும் மூடியிருந்தால், அது அந்த மையத்தைத் தாண்டிய பிறகு ஒட்டப்பட்டது என்று அர்த்தம். மரத்தின் வளையங்களைப் பார்த்து வயது சொல்வதுபோல, பெட்டியில் எதன் மேல் எது இருக்கிறது என்பதைப் பார்த்து எப்போது திறந்தார்கள் என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

ஒரு விலக்கு உண்டு. மழையில் எழுத்து அழியாமலிருக்க, அனுப்புபவரே லேபிளின் மேல் கண்ணாடி டேப் ஒட்டுவது வழக்கம். அந்த டேப் லேபிளை முழுதாக மூடி இருக்கும், பெட்டியின் வாய் பக்கம் போகாது. பெட்டி மூடும் கோட்டின் மேல் ஓடி, போகிற போக்கில் லேபிளின் ஒரு மூலையையும் மூடியிருக்கிற டேப்தான் சந்தேகத்துக்கு உரியது. லேபிளே பெட்டியின் வாய்க்கோட்டின் குறுக்கே ஒட்டப்பட்டு, நடுவில் பிளேடால் கீறியதுபோல் இரண்டாகப் பிரிந்திருந்தால், கேள்வியே வேண்டாம். அது வழியில் திறக்கப்பட்டது.

டேப்பின் அடியில் தெரிவது

அடுத்து டேப்பைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். சாதாரணப் பழுப்பு டேப்போ கண்ணாடி டேப்போ, அட்டையில் நன்றாகப் பிடித்த பிறகு உரித்தால், அட்டையின் மேல்தோலையும் சேர்த்து உரித்துக்கொண்டு வரும். உரிந்த இடம் வெளிறிப்போய், தடவினால் பஞ்சுபோல் இருக்கும். அந்தப் பழைய டேப்பைத் திரும்ப ஒட்ட முடியாது, ஏனென்றால் அதன் பசை முழுக்கக் காகித நார் அப்பியிருக்கும். அதனால்தான் திறந்தவர் புதிய டேப்பைத் தேடுகிறார். புதிய டேப்பின் இரு ஓரங்களிலும் உரிந்த அட்டை எட்டிப் பார்க்கிறதா என்று பாருங்கள். கண்ணாடி டேப்பாக இருந்தால் அடியிலேயே தெரியும்.

கைதேர்ந்தவர்கள் உரிக்க மாட்டார்கள். மெல்லிய பிளேடால் நடுக்கோட்டில் கீறித் திறந்து, அதே அகல டேப்பை நேர் மேலே ஒட்டிவிடுவார்கள். அங்கே பார்க்க வேண்டியது கனம். விரல் நகத்தால் டேப்பின் ஓரத்தை வருடிப் பார்த்தால் இரண்டு படிகள் தட்டுப்படும். அடிடேப்பின் நடுவில் ஒரு நேர்க்கீறல் மங்கலாகத் தெரியும். மேல் டேப் பக்கங்களில் எவ்வளவு தூரம் இறங்குகிறது என்பதும் பேசும். இயந்திரத்தில் ஒட்டிய டேப் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே நீளம் இறங்கி, முனை நேராக வெட்டப்பட்டிருக்கும். கையால் ஒட்டினால் ஒரு பக்கம் நீளம், ஒரு பக்கம் குட்டை, நடுவில் காற்றுக் குமிழ்.

இதை மட்டும் வைத்து முடிவுக்கு வந்துவிடாதீர்கள். சிறிய விற்பனையாளர்கள் எல்லாப் பெட்டியையும் கையால்தான் ஒட்டுகிறார்கள். மேலும் கீழும் ஒரே டேப், ஒரே மாதிரிக் கோணல் என்றால் அது அவர்கள் கைப்பழக்கம். மேலே ஒன்று கீழே ஒன்று என்றால்தான் யோசிக்க வேண்டும்.

கீழே என்றதும் சொல்ல வேண்டியது: பெட்டியைக் கட்டாயம் திருப்பிப் பாருங்கள். வாசலில் நிற்கிற யாரும் அடிப்பக்கத்தைப் பார்ப்பதில்லை. இது திறப்பவர்களுக்கும் தெரியும். எனக்குத் திரும்பி வந்த பெட்டிகளில் மேல்பக்கம் கட்டியபடியே இருந்து, அடிப்பக்கம் அறுத்து ஒட்டப்பட்டிருந்தவை நிறையவே உண்டு. பெட்டியின் நான்கு சுவர்களில் ஒரு மூலையில் அட்டையின் இரு முனைகளைத் தொழிற்சாலையில் பசையால் ஒட்டியிருப்பார்கள். அந்த ஒட்டையும் ஒரு தடவை விரலால் நீவிப் பாருங்கள். அங்கே பொதுவாக டேப் தேவைப்படாது. இருந்தால் ஏன் என்று கேட்க வேண்டும்.

பிளாஸ்டிக் கவரில் வந்தால் வேறு விதம். அந்தக் கவரின் மூடி மடிப்பில் உள்ள பசை ஒரு முறை பிடித்தால் விடாது. இழுத்துத் திறந்தால் பிளாஸ்டிக் நீண்டு, ஓரம் அலை அலையாகச் சுருங்கிவிடும். அதனால் பெரும்பாலும் மடிப்பை விட்டுவிட்டு, பக்கவாட்டுத் தையலைக் கீறி அதன் மேல் டேப் ஒட்டுவார்கள். சில கவர்களிலும் டேப்புகளிலும் உரித்தால் 'வாய்ட்' என்ற ஆங்கில எழுத்துகள் வெளியே தெரியும்படி செய்திருப்பார்கள். அந்த எழுத்து தெரிந்தால் யாரோ உரித்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

நல்ல காரணங்களும் உண்டு

எல்லாவற்றையும் திருட்டாகப் பார்த்தால் நல்ல பார்சலையும் திருப்பி அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்க நேரும். வழியில் பெட்டி அடுக்கின் அடியில் மாட்டி வாய் பிளந்துவிட்டால், மையத்தில் உள்ளவர்கள் தங்கள் நிறுவனப் பெயர் அச்சிட்ட டேப்பால் சுற்றி அனுப்புவார்கள். பெயர் அச்சிட்ட டேப் என்பது "நாங்கள்தான் ஒட்டினோம்" என்று அவர்கள் போட்ட கையெழுத்து மாதிரி. சில நேரம் கூடவே சேதக் குறிப்பு ஸ்டிக்கரும் இருக்கும். வெளிநாட்டிலிருந்து வந்த பார்சலைச் சுங்கத்துறை திறந்து பார்ப்பதும் உண்டு. அவர்கள் பொதுவாகத் தங்கள் டேப்பையோ முத்திரையையோ ஒட்டி மூடுவார்கள். டிராக்கிங் பக்கத்திலும் சுங்கச் சோதனை என்று ஒரு வரி இருக்கும்.

இன்னொன்று, பழைய பெட்டியை மறுபடி பயன்படுத்துவது. தனிநபர்கள் அனுப்பும்போது இது மிகச் சாதாரணம். பழைய டேப்பும் உரிந்த அட்டையும் பழைய ஸ்டிக்கரும் எல்லாம் இருக்கும், பார்த்தால் பயமாக இருக்கும். ஆனால் உங்கள் முகவரி லேபிள் எல்லாவற்றுக்கும் மேலே சுத்தமாக உட்கார்ந்திருக்கும். மேலே சொன்ன விதி இங்கே உங்களைக் காப்பாற்றும்.

ஆக, பெயரில்லாத சாதாரண டேப், லேபிளுக்குப் பிறகு ஒட்டியது, டிராக்கிங்கில் எந்தக் குறிப்பும் இல்லை. இந்த மூன்றும் சேர்ந்தால்தான் எனக்கு உண்மையான சந்தேகம் வரும்.

தராசில் வைத்துப் பாருங்கள்

அக்கா ஒரு டேப்லெட் வாங்கியிருந்தாள். பெட்டி வந்த அன்று வாசலில் நின்றபடியே எனக்கு வீடியோவில் காட்டினாள். அடிப்பக்கத்தில் கண்ணாடி டேப், மேலே பழுப்பு டேப். அந்தக் கண்ணாடி டேப் பக்கவாட்டில் ஏறி, ஒரு மையத்தின் சின்ன ஸ்டிக்கரைப் பாதி மூடியிருந்தது. "எடை என்ன போட்டிருக்கு?" என்றேன். லேபிளில் 1.2 கிலோ. சமையலறைத் தராசைக் கொண்டுவந்து வைத்தாள். 355 கிராம். "ஐயோ, முக்கால் பங்கு காணோம்டா" என்று அவள் பதறிவிட்டாள்.

அங்கேதான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். லேபிளில் இருப்பது உண்மை எடையாக இருக்க வேண்டும் என்றில்லை. கூரியர்கள் இடத்துக்கும் காசு வாங்குகிறார்கள். பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5000-ஆல் வகுத்து, அதைக் கன அளவு எடை என்று கணக்கிடுவார்கள். உண்மை எடையும் இதுவும் எது அதிகமோ அதுதான் கட்டணத்துக்கு. அக்காவின் பெட்டி 30, 20, 10 சென்டிமீட்டர். பெருக்கினால் 6000. 5000-ஆல் வகுத்தால் 1.2. லேபிளில் இருந்த எண் அதுதான். பொருளின் எடைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வேறு சிலர் அடுத்த அரைக் கிலோவுக்கு உயர்த்தியும் போடுவார்கள்.

சரி, அப்படியென்றால் எதோடு ஒப்பிடுவது? பொருளின் எடையோடு. விற்பனைப் பக்கத்தில் டேப்லெட் 480 கிராம் என்று இருந்தது. சார்ஜரும் கம்பியும் சுமார் 60, உள்ளே இருக்கும் அச்சடித்த பெட்டி சுமார் 150, வெளி அட்டைப்பெட்டி சுமார் 140 கிராம் என்று வைத்தோம். மொத்தம் 830-ஐ ஒட்டி வர வேண்டும். 50 கிராம் கூடக் குறைய இருந்தால் பரவாயில்லை, நம் மதிப்பீடு அவ்வளவு துல்லியம் இல்லை. ஆனால் 475 கிராம் குறைவாக இருந்தது. டேப்லெட்டின் எடைக்கு 5 கிராம்தான் வித்தியாசம். பெட்டியைத் திறக்காமலேயே உள்ளே எது இல்லை என்று தெரிந்துவிட்டது. தராசில் பெட்டி இருக்கும் நிலையில், எண்ணும் லேபிளும் தெரியும்படி ஒரு படம் எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

எடை சரியாக இருந்தால் நிம்மதியா என்றால், பாதிதான். சோப்பையோ கல்லையோ வைத்து எடையைச் சமன்செய்வது தெரிந்த தந்திரம். அப்போது மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். கடைப்பெட்டிக்குள் பொருள் அச்சில் வார்த்ததுபோல் உட்கார்ந்திருக்கும், ஆடாது. ஏதோ உருண்டு மோதும் சத்தம் கேட்டால் கவனம். பெரிய பெட்டி என்றால் ஆள் நிற்கும் தராசில் பெட்டியோடு ஒரு முறை, பெட்டியில்லாமல் ஒரு முறை நின்று கழித்துக்கொள்ளலாம். ஆனால் அந்தத் தராசு சில நூறு கிராம்களைக் காட்டிக்கொடுக்காது.

வாங்குவதா, திருப்புவதா

கடையிலிருந்து வாங்கிய பொருள், சந்தேகம் வலுவாக இருக்கிறது, திருப்பினால் பணம் திரும்பி வரும் அல்லது இன்னும் பணமே கொடுக்கவில்லை என்றால், திருப்பி அனுப்புவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. பொருள் உங்கள் கைக்கு வரவேயில்லை என்பதைவிடப் பலமான வாதம் கிடையாது. அக்கா அதைத்தான் செய்தாள்.

ஆனால் திருப்பும்போது ஒன்றைக் கவனியுங்கள். கொண்டு வந்தவரின் செயலியில் காரணம் தேர்ந்தெடுக்கும் பட்டியல் இருக்கும். அவசரத்தில் "வாடிக்கையாளருக்கு வேண்டாம்" என்பதை அழுத்திவிட்டுப் போய்விடுவார்கள். அதற்கும் "பெட்டி சேதம்" என்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். முதலாவது என்றால், காலிப் பெட்டி கடைக்குப் போய்ச் சேர்ந்ததும் கடைக்காரர் உங்களைத்தான் கேட்பார். "சேதம்னு போடுங்க தம்பி, திரையை ஒரு தடவை காட்டுங்க" என்று கேட்டுப் பார்த்துவிடுங்கள். அதைப் பார்த்த பிறகு, அவர் படியிறங்கும் முன்பே கடைக்கு ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். பதிவுகளில் உங்கள் செய்தி முதலில் இருக்க வேண்டும்.

திருப்ப முடியாத பார்சல்களும் உண்டு. வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பியது, சுங்கத் தீர்வை கட்டியது, சான்றிதழ்கள், ஒன்றே ஒன்றுதான் இருக்கிற பொருள். திருப்பினால் அது எங்கே போய்ச் சேரும் என்றே தெரியாது. அதை வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் குறிப்போடு. கையெழுத்துப் போடும் தாளில் என்ன பார்த்தீர்களோ அதை அப்படியே எழுதுங்கள்: "அடிப்பக்க டேப் அறுபட்டு, வேறு டேப் ஒட்டப்பட்டுள்ளது. எடை 355 கிராம். உள்ளே பார்க்கவில்லை." வெறுமனே "சரிபார்க்கவில்லை" என்று எழுதினால் அது எல்லாரும் எழுதுவது, யாரும் மதிப்பதில்லை. திரையில் விரலால் போடும் கையெழுத்து என்றால் பெயருக்குப் பக்கத்தில் "சேதம்" என்ற ஒரு சொல்லாவது எழுதுங்கள். அதற்கும் இடமில்லை என்றால், கொண்டு வந்தவர் நிற்கும்போதே எடுத்த படங்களைக் கூரியரின் உதவிப் பக்கத்துக்கு அங்கிருந்தபடியே அனுப்புங்கள். படத்தின் நேரமும் ஒப்படைத்த நேரமும் ஒட்டி இருப்பதே உங்கள் குறிப்பு.

ஈரமாக இருந்தாலோ, எதுவோ கசிந்தாலோ, கடுமையான வாசனை வந்தாலோ இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். வாங்காதீர்கள். பேட்டரி உள்ள பொருளின் பெட்டி நசுங்கி, சூடாகவோ இனிப்பான ரசாயன வாசனையோடோ இருந்தால் வீட்டுக்குள்ளேயே கொண்டுவர வேண்டாம். மருந்து, குழந்தை உணவு, முகத்தில் பூசுவது போன்றவை திறந்து மூடப்பட்டிருந்தால், எண்ணிக்கை சரியாக இருந்தாலும் பயன்படுத்தாதீர்கள்.

நீங்கள் வீட்டில் இல்லாதபோது

பெட்டி வாசலில் கிடக்கிறது, அல்லது பக்கத்து வீட்டில் கொடுத்திருக்கிறார்கள். முதலில் நகர்த்தாமல் கிடக்கிற நிலையிலேயே படம் எடுங்கள். பிறகு டிராக்கிங் பக்கத்துக்குப் போங்கள். இப்போது பல கூரியர்கள் வைத்துவிட்டுப் போனதற்குச் சான்றாக ஒரு படம் ஏற்றுகிறார்கள். அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அதிலேயே டேப் பிரிந்திருந்தால், சேதம் வழியில் நடந்தது என்பதற்கு அவர்களே சாட்சி கொடுத்துவிட்டார்கள். அதில் முழுதாக இருந்து இப்போது பிரிந்திருந்தால், வாசலில் வைத்த பிறகு யாரோ கைவைத்திருக்கிறார்கள். அது வேறு வழக்கு. கூரியரைவிடக் காவல் நிலையமும் வாசல் கேமராவும்தான் அங்கே உதவும். அந்தப் படத்தை அப்போதே சேமித்துக்கொள்ளுங்கள், அது எத்தனை நாள் அங்கே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

பக்கத்து வீட்டில் வாங்கியிருந்தால், அவர்கள் வாங்கும்போது எப்படி இருந்தது என்று அன்றைக்கே கேளுங்கள். நான்கு நாள் கழித்துக் கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது, கேட்பதே குற்றம் சாட்டுவதுபோல் ஆகிவிடும்.

திறப்பது எப்படி

வாங்கிவிட்டீர்கள். இனித் திறக்க வேண்டும். போனை எங்காவது சாய்த்து நிறுத்திவிட்டு, இரண்டு கையும் படத்தில் தெரியும்படி வீடியோ எடுங்கள். லேபிளில் தொடங்கி, ஆறு பக்கமும் மெதுவாகச் சுற்றி, சந்தேகமான இடத்தில் சில நொடி நிறுத்தி, தராசில் வைத்து, பிறகு திறங்கள். நடுவில் நிறுத்தக் கூடாது, பெட்டி படச் சட்டத்தை விட்டு வெளியே போகக் கூடாது. ஒரே ஓட்டம். தண்ணீர் குடிக்க எழுந்துபோனால்கூட அந்த வீடியோவுக்கு மதிப்புப் போய்விடும்.

இன்னொன்று, இதைப் பெரும்பாலோர் தவறாகச் செய்கிறார்கள். சந்தேகமான டேப்பை அறுத்துத் திறக்காதீர்கள். அதுதான் உங்கள் சான்று. அதற்கு எதிர்ப் பக்கத்தில் திறங்கள். அடியில் ஒட்டியிருந்தால் மேலே திறங்கள். கூரியரிலிருந்து பார்க்க வருபவர் அந்த இரண்டு அடுக்கு டேப்பை அப்படியே பார்க்க வேண்டும்.

உள்ளே கடைப்பெட்டியின் மேல் உறை, ஒட்டு முத்திரை இரண்டையும் வீடியோவில் காட்டுங்கள். போன் என்றால் பெட்டியில் அச்சிட்ட ஐஎம்ஈஐ எண்ணை பில்லில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டு, பிறகு போனை உயிர்ப்பித்து அழைப்புப் பலகையில் இதைத் தட்டுங்கள்:

```
*#06#
```

திரையில் வரும் எண்ணும் அதுவாகவே இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று வேறாக இருந்தால் பெட்டி ஒன்று, பொருள் ஒன்று. மற்றக் கருவிகளுக்கு இதேபோல் வரிசை எண்ணைப் பாருங்கள். எண் பொருந்தாத பொருளை அதற்கு மேல் பயன்படுத்தாமல் அப்படியே வையுங்கள்.

புகார் யாரிடம், எப்படி

முதலில் விற்றவரிடம். உங்களிடம் பணம் வாங்கியவர் அவர். கூரியரோடு பொதுவாக ஒப்பந்தம் போட்டிருப்பதும் அவர்தான், நீங்கள் இல்லை. நீங்கள் நேரே கூரியரை அழைத்தால் "அனுப்பியவரைக் கேளுங்கள்" என்பார்கள். அதில் உண்மையும் இருக்கிறது. ஆனாலும் கூரியரிடம் ஒரு புகார் எண் மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உறவினர் அனுப்பியது என்றால் இழப்பீட்டை அவர்தான் கேட்க வேண்டியிருக்கும், அவருக்குப் படங்களை அனுப்பிவிடுங்கள்.

அன்றைக்கே எழுதுங்கள். 48 மணி நேரத்துக்கு மேல் ஆனால் காது கொடுக்காத கடைகள் உண்டு. மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி விமானச் சரக்குச் சேதத்துக்கு வாங்கிய நாளிலிருந்து 14 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். ஆனால் கடைசி நாள்வரை காத்திருப்பதில் ஒரு லாபமும் இல்லை. தொலைபேசியில் பேசினாலும், பேசியதைச் சுருக்கி மின்னஞ்சலில் போட்டுவிடுங்கள்.

அக்கா அனுப்பிய செய்தி ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது: "என் ஆர்டர் எண் இது, டிராக்கிங் எண் இது. இன்று காலை 11.20-க்குக் கொண்டு வந்தார்கள். அடிப்பக்கம் கண்ணாடி டேப் ஒட்டப்பட்டிருந்தது, அது மையத்தின் ஸ்டிக்கருக்கு மேலே உள்ளது. திறக்காத பெட்டியின் எடை 355 கிராம், டேப்லெட் மட்டுமே 480 கிராம் என்று உங்கள் பக்கத்தில் உள்ளது. ஓடிபி தரவில்லை, பெட்டி சேதம் என்ற காரணத்தோடு திருப்பிவிட்டேன். ஆறு படங்கள் இணைத்துள்ளேன். வேறு டேப்லெட் அனுப்புங்கள், இல்லையென்றால் பணத்தைத் திருப்பித் தாருங்கள்." யாரையும் திருடன் என்று சொல்லவில்லை. யார் எடுத்தார்கள் என்பது அவளுக்குத் தெரியாது, தெரிந்ததை மட்டும் எழுதினாள். முதல் பதில் "விசாரிக்கிறோம்" என்று வந்தது. மூன்றாவது நாள் ஒருவர் அழைத்து, பெட்டியை எப்போது திறந்தீர்கள் என்று கேட்டார். திறக்கவே இல்லை என்றதும் பேச்சு முடிந்தது. ஒன்பதாவது நாள் பணம் வந்தது.

புகார் கொடுத்த பிறகு வரும் அழைப்புகளில் கவனமாக இருங்கள். பணத்தைத் திருப்பித் தர ஓடிபி சொல்லுங்கள், இந்தச் செயலியை இறக்குங்கள் என்று யாராவது கேட்டால் வைத்துவிடுங்கள். பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள எண்ணை அழைக்காமல், ஆர்டர் போட்ட இடத்தில் உள்ள எண்ணையே அழையுங்கள்.

பெட்டியை வாங்கி வைத்திருப்பவர்கள் அட்டை, உள்ளே வைத்த நிரப்புப் பொருள், கிழிந்த டேப் எல்லாவற்றையும் ஒரு மூலையில் வைத்திருங்கள். பெட்டி இல்லை என்ற ஒரே காரணத்துக்காக நின்றுபோன கோரிக்கைகளை நான் பார்த்திருக்கிறேன். பணம் கணக்கில் ஏறியதைப் பார்த்த பிறகு பெட்டியைத் தட்டையாக மடித்துப் போடலாம். போடும் முன் லேபிளை உரித்துக் கிழித்துவிடுங்கள். உங்கள் பெயர், முகவரி, போன் எண் மூன்றும் அதில்தான் இருக்கின்றன.